எஸ்.எல்-ஐ காஸ்ட்டுக்கு ஏத்தலாமா? புதுச்சேரி, கடலூர் வாசகர்களின் கேள்விகள்

முதலியார்பேட்டையிலிருந்து: அண்ணே, எடுத்த ரிஸ்க் அளவுக்கு லாபம் வந்ததும் எஸ்.எல்-ஐ, அதாவது நஷ்டத்தை நிறுத்த வைக்கிற ஸ்டாப் லாஸை, காஸ்ட்டுக்கு, வாங்கின விலைக்கே ஏத்திடுறேன். அதுக்கப்புறம் அது ஃப்ரீ ட்ரேடுதானே?

பாதி சரி, தம்பி. மறுநாள் சந்தை திறக்கும்போதே விலை ஒரேயடியாக இறங்கி கேப்-டவுன் ஆகாத வரைக்கும் பெரிய அடி விழாது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை தரகர் அனுப்பும் காண்ட்ராக்ட் நோட்டில் வராது.

ஒரு கணக்கு போடுவோம். ரிஸ்க் ₹1,000, டார்கெட் ₹2,000, மொத்தம் 100 ட்ரேடு. அதில் 40 டார்கெட்டைத் தொடுகிறது, 60 எஸ்.எல்-இல் போகிறது. லாபம் ₹20,000, அதாவது ட்ரேடுக்குச் சராசரி ₹200. தோற்ற 60-இல் 20 ட்ரேடு, முதலில் ₹1,000 லாபம் காட்டிவிட்டுத் திரும்பியவை. எஸ்.எல்-ஐ ஏற்றினால் இந்த 20-உம் பிழைக்கும், ₹20,000 மிச்சம். ஜெயித்த 40-இல் 12 ட்ரேடு, ₹1,000 தொட்டபின் என்ட்ரி வரை இறங்கி, பிறகுதான் டார்கெட்டுக்குப் போனவை என்று வையுங்கள். அவை எல்லாம் கையைவிட்டுப் போகும், ₹24,000 இழப்பு. ஆக லாபம் ₹16,000, சராசரி ₹160. தரகும் வரியும் இன்னும் கழிக்கவில்லை.

இங்கே ஒரு ஜெயிப்பை இழந்தால், அதை ஈடுகட்ட இரண்டு நஷ்டங்களைத் தவிர்த்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் எது அதிகம் என்று பார்க்க ஒரே வழி: காஸ்ட்டில் வெளியேறிய பிறகும் சார்ட்டை மூடாமல், முதலில் வந்தது டார்கெட்டா பழைய எஸ்.எல்-ஆ என்று குறித்து வையுங்கள்.

வில்லியனூரிலிருந்து: நான் 640-க்கு வாங்கின பங்கு 410-ல கிடக்கு. வாங்கின விலை வந்ததும் வித்துட்டா அதுவும் பிரேக்ஈவன்தானே சார்?

இல்லைங்கம்மா, அது வேறு. நாம் பேசுவது லாபத்தில் ஓடும் ட்ரேடு. உங்களுடையதில் எஸ்.எல்-ஏ இல்லை.

மஞ்சக்குப்பத்திலிருந்து: முதல் டார்கெட்ல பாதி புக் பண்ண ஆரம்பிச்சதுல இருந்து வெற்றி சதவீதம் நல்லா ஏறியிருக்கு. சிஸ்டம் மேம்பட்டதுன்னுதானே அர்த்தம்?

சதவீதம் ஏறத்தான் செய்யும். அதே 100 ட்ரேடில் ₹1,000-இல் பாதியை விற்று, மீதிக்கு எஸ்.எல்-ஐக் காஸ்ட்டில் வைத்தால் 60 ட்ரேடு லாபத்தில் முடியும். ஆனாலும் மொத்தம் ₹18,000தான். பாதி புக்கிங் என்பது இரண்டு சிஸ்டத்தை ஆளுக்குப் பாதிப் பணத்தில் ஓட்டுவது. முழுவதும் ₹1,000-இல் விற்றால் ₹20,000, முழுவதும் காஸ்ட் எஸ்.எல்-ஓடு ஓட்டினால் ₹16,000. உங்களுக்குக் கிடைப்பது நடுவில். அது இரண்டில் நல்லதைத் தாண்டவே தாண்டாது. ஏற்ற இறக்கம் குறையும், அது நிஜமான லாபம்தான். ஆனால் வருஷத்தில் நாலைந்து ட்ரேடு மட்டும் ஏழெட்டு மடங்கு ஓடிச் சம்பாதிக்கும் ட்ரெண்ட் சிஸ்டத்தில் இதைச் செய்தால், அந்த நாலைந்திலும் பாதியை வெட்டுகிறீர்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: ட்ரேடுக்கு ₹40 குறைஞ்சா குறையட்டும், எனக்குத் தூக்கம் வருது.

அதற்கு எதிராக நான் பேச மாட்டேன். ரிஸ்க்கை ₹1,000-இலிருந்து ₹700 ஆக்கினாலும் தூக்கம் வருமா என்று ஒருமுறை பாருங்கள். அப்போது சராசரி ₹140. காஸ்ட் எஸ்.எல்-இன் ₹160-ஐ விடக் குறைவு, ஆனால் ரிஸ்க்குக்கு ஏற்ற லாப விகிதம் முதல் கணக்கில் இருந்தபடியே நிற்கும். குறைந்தபட்ச அளவான ஒரே லாட் போடுபவருக்கு இந்த வழியும் இல்லை. அவர் என்ன செய்யலாம் என்பதில் எனக்கும் என் நண்பர்களுக்கும் இன்னும் வாக்குவாதம்தான்.