மிளகாய், பருத்திக்குப் பவர் வீடரா, பவர் டில்லரா?

கேள்வி: ஒன்றரை ஏக்கர், கரிசல் மண். மிளகாயும் பருத்தியும் போடுகிறேன். டில்லர் வாங்கலாமா, வீடர் போதுமா? எத்தனை ஹெச்பி எடுக்கலாம்?

ஹெச்பியை அப்புறம் பார்க்கலாம், முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய் இரண்டு வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து வாருங்கள். நான் அதைச் செய்யாமல்தான் 9 ஹெச்பி டீசல் வீடரை வாங்கினேன். மெஷின் நல்ல மெஷின்தான். என் மிளகாய் வரிசைக்குள் நுழையவில்லை, அவ்வளவுதான்.

கணக்கு இப்படி. வரிசை இடைவெளி 75 செ.மீ. என்று வையுங்கள். இரண்டு பக்கமும் செடியின் வேருக்குப் பத்துப் பத்து செ.மீ. விட்டால், கத்தி சுழல்கிற அகலம் 55 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலான வீடர்களில் ஓரக் கத்திகளைக் கழற்றி அகலத்தைக் குறைக்கலாம், ஆனால் கழற்றிய பிறகும் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை விளம்பரத்தில் போட மாட்டார்கள், நீங்களேதான் டேப் வைத்துப் பார்க்க வேண்டும். 75 செ.மீ. வரிசையில் ஒன்றரை ஏக்கருக்கு நடக்கும் தூரம் மொத்தம் சுமார் 8 கி.மீ. மணிக்கு ஒன்றரை கி.மீ. வேகத்தில் போனால் ஐந்தரை மணி நேரம், திரும்புவதற்கும் புல் எடுப்பதற்கும் சேர்த்தால் ஒரு முழு நாள். ஒரே நாளில் முடிகிற வேலைக்கு ராட்சச எஞ்சின் எதற்கு?

களை எடுப்பதுதான் முக்கிய வேலை என்றால் ஏழு ஹெச்பி பெட்ரோல் போதும். எடை குறைவு, வரப்போரத்தில் ஒரே ஆள் திருப்பிவிடலாம். டீசல் அதே சக்திக்கு அதிக எடை, கையில் அதிர்வும் அதிகம். காய்ந்து இறுகிய நிலத்தை முதல் உழவு உழுவதும் இதிலேயே நடக்க வேண்டும் என்றால் மட்டும் டீசலை யோசியுங்கள். பவர் டில்லர் வேறு சாதி. 12 முதல் 15 ஹெச்பி, பல மாடல்கள் நானூறு கிலோவைத் தாண்டும், செடி நிற்கிற வயலுக்குள் அதைத் திருப்பப் பட்ட பாடு எனக்குத் தெரியும். முதல் உழவை வாடகை டிராக்டரிடம் விடலாம்.

அடுத்தது கத்தி. 'L' வடிவம், 'C' வடிவம் இரண்டும்தான் அதிகம் வரும். 'L' கத்தியின் தட்டையான அடிப்பாகம் களையை வேரோரமாய் அறுத்துவிடும், காய்ந்த பொலபொல மண்ணில் அருமை. ஆனால் ஈரக் கரிசலில் அதே தட்டைப் பாகம் மண்ணைத் தேய்த்து வழவழப்பாக்கும், காய்ந்ததும் அடியில் ஒரு பலகை மாதிரி இறுகிவிடும். 'C' கத்தியில் மண் அவ்வளவாக ஒட்டாது. உங்கள் கரிசலுக்கு 'C' செட் ஒன்று கூடவே வாங்குங்கள், முடிந்தவரை ஈரத்தில் இறங்காதீர்கள். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள், உருண்டை நொறுங்காமல் நின்றால் இன்னும் இரண்டு நாள் போகட்டும். மாட்டும்போது இடது வலது மாறாமல், கூரான பக்கம் முதலில் மண்ணில் விழுகிற மாதிரி மாட்டுங்கள். மாறினால் மெஷின் குதிக்கும், மண்ணுக்குள் இறங்காது. செடி நிற்கும்போது இரண்டு அங்குல ஆழம் போதும், மிளகாய் வேர் மேலேயே ஓடுகிறது.

சரி, சர்வீஸ். எஞ்சினைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், அந்த வகை எஞ்சினுக்குப் பொதுவான உதிரிபாகங்கள் கிடைக்கும். சிக்கல் வருவது கியர் பாக்ஸில். எனக்கு நடந்தது இதுதான். அருகம்புல் கத்தித் தண்டில் இறுகச் சுற்றி, தண்டு வெளிவரும் இடத்தில் உள்ள ஆயில் சீலைத் தின்றுவிட்டது. தண்டோரம் புழுதி ஈரமாய் ஒட்டியிருந்ததை நான் வெறும் மண் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். அது கியர் ஆயில். ஆயில் வற்றி உள்ளே ஒரு பல்சக்கரம் போனது, விற்றவரோ பாகம் 'வரும் வரும்' என்றே களை பூக்கும்வரை இழுத்தார். அரை மணிக்கு ஒரு தடவை எஞ்சினை நிறுத்திப் புல்லை வெட்டி எடுத்திருந்தால் எதுவும் ஆகியிருக்காது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே ஆயில் சீல், கிளட்ச் கேபிள், கத்தி போல்ட், இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிற்றின் ஸ்பிரிங் ஆகிய நான்கையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 'ஆர்டர் போட்டால் வரும்' என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் வயலுக்கு வருவாரா, மெஷினை ஏற்றிக்கொண்டு நீங்கள் போக வேண்டுமா என்றும் கேளுங்கள். முடிந்தால் அதே மாடலை இரண்டு வருடமாய் ஓட்டுகிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, கியர் பாக்ஸைப் பிரித்தாரா, பாகம் எத்தனை நாளில் வந்தது என்று மட்டும் கேளுங்கள்.