போட்டோ பார்த்து கொழுப்பு சதவீதம் சொல்வது

“மூணு வாரம் முன்னாடி போட்ட போட்டோவுக்கு 15% சொன்னாங்க, இப்போ 20% சொல்றாங்க. எடை அதே 78 கிலோதான். எது சரி?”

இரண்டு எண்ணையும் நம்பாதீங்க. 78 கிலோவில் 5% என்றால் 3.9 கிலோ. எடை மாறாமல் அவ்வளவு கொழுப்பு ஏறணும்னா, மூணு வாரத்தில் அதே அளவு தசையும் நீரும் குறைஞ்சிருக்கணும். வழக்கமா சாப்பிட்டு நடமாடுறவருக்கு அது நடக்காது.

மாறினது வெளிச்சம். முதல் படத்தில் தலைக்கு மேலே விளக்கு. வயிற்றுத் தசைக்குக் கீழே நிழல் விழுந்து கோடு தெரியுது. இரண்டாவதில் நேர் ஃப்ளாஷ், நிழலே இல்லை. உடற்பயிற்சி முடிச்ச உடனே எடுத்தாலும் தசை புடைச்சு ஒல்லியாத் தெரியும். சதவீதம் சொல்ல ஒப்பிட்டுப் பார்க்கிற சார்ட் படங்களிலும் பல, யாரோ கண்ணால் மதிப்பிட்டு எண் போட்ட படங்கள்தான். அந்தப் பிழையும் இதில் சேரும்.

இனி காலையில் வெறும் வயிற்றில், அதே ஜன்னல் பக்கம், கேமராவை தொப்புள் உயரத்தில் இரண்டு மீட்டர் தள்ளி வச்சு எடுங்க. மூச்சை இயல்பா விட்டபின் தொப்புள் சுற்றளவை டேப்பில் மூணு தடவை அளந்து சராசரி எழுதுங்க. எடையும் சுற்றளவும் அப்படியே இருந்தா, படம் எப்படித் தெரிஞ்சாலும் கொழுப்பு பெரிசா ஏறலை.