கடைசி வரிசைக்குக் கேட்கும் பேச்சு

வணக்கம். எங்கள் வார்டில் குடிநீர் கேட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஆர்ப்பாட்டம் நடத்தினோம். பேச்சை நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு வாடகை ஆம்ப்ளிஃபயர். மேடைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். டீக்கடை ஓரம் நின்றவர்களுக்கு ஒன்றுமே புரியவில்லை, "சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை" என்றார்கள். அடுத்த மாதம் மறுபடி கூட்டம். நல்ல ஸ்பீக்கருக்குப் பணம் இல்லை. எழுத்தில் ஏதாவது செய்ய முடியுமா? பேச்சின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

முடியும். உங்கள் பிரதியிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன்.

"கடந்த மூன்று மாதங்களாக வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே குடிநீர் வழங்கிவிட்டு, குடிநீர்க் கட்டணத்தை மட்டும் மாதம் எழுபத்தைந்து ரூபாயிலிருந்து நூற்று ஐம்பது ரூபாயாக உயர்த்தியிருக்கும் நகராட்சி நிர்வாகத்தின் நடவடிக்கையை எங்களால் ஒருபோதும் ஏற்றுக்கொள்ள முடியாது."

துண்டறிக்கையில் இது நல்ல வாக்கியம். தெருவில் இதன் உயிர் கடைசிச் சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது, எதிர்மறை அந்த வினைக்கும் கடைசியில் வருகிறது. "ஏற்றுக்கொள்ள முடியாது" என்பதற்கும் "ஏற்றுக்கொள்ள முடியும்" என்பதற்கும் வேறுபாடு கடைசி அசைகளில்தான். பேசுபவரின் மூச்சு தீர்ந்து குரல் இறங்குவதும் அதே இடத்தில். இவ்வளவு நீள வாக்கியத்தை ஒரே மூச்சில் இழுத்து வருபவர் "முடியாது" என்பதை முணுமுணுக்கத்தான் செய்வார். கூம்பு ஸ்பீக்கரில் உயிரொலிகள் தூரம் போகும், மெய்யொலிகள் போகாது. வால்யூமை முழுக்கத் திருகினால் ஒலி கிழிந்து, மிச்சமிருக்கும் மெய்யும் கரைந்துவிடும்.

நம் கோஷங்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. "வழங்கிடு வழங்கிடு, குடிநீர் வழங்கிடு" என்பதில் வினை முதலில் வருகிறது, இரண்டு முறை வருகிறது, பிறகு பொருளோடு சேர்ந்து மூன்றாம் முறையும் வருகிறது. பேச்சின் முக்கிய வரிகளையும் இப்படியே முன்னால் திருப்புங்கள். எதிர்மறையை முடிந்தவரை நேர்வினையாக மாற்றுங்கள். "ஏற்க முடியாது" என்பதைவிட "எதிர்க்கிறோம்" பாதுகாப்பானது, பாதி காதில் விழுந்தாலும் பொருள் தலைகீழாகாது. எதிர்மறை தேவைப்படும் இடத்தில் முழு வடிவத்தில் எழுதுங்கள். மற்ற இடங்களில் பேச்சுவழக்கு நல்லது, ஆனால் "வரல" என்பதன் கடைசி அசை காற்றில் போய்விட்டால் ஒன்றும் மிஞ்சாது. "வரவில்லை" என்பதில் பாதி போனாலும் மிச்சம் இருக்கிறது.

அடுத்தது எதிரொலி. மேடையில் ஒரு கூம்பும் நூறு மீட்டர் தள்ளி இன்னொன்றும் கட்டியிருந்தால், ஒயர் வழியாக இரண்டுக்கும் ஒரே நேரத்தில் குரல் போய்விடுகிறது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஆகவே ஒன்றின் அருகே நிற்பவருக்கு மற்றதன் ஒலி ஏறக்குறைய 0.3 விநாடி பிந்தி வருகிறது. சரளமாகப் பேசுகிறவர் அதற்குள் ஒன்றிரண்டு அசைகள் முன்னே போயிருப்பார், பழைய அசை புதிய அசையின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஐம்பது மீட்டர் எதிரே பெரிய கட்டடச் சுவர் இருந்தாலும் இதே கதிதான். மருந்து, இடைவெளி. மூன்று நான்கு சொல், பிறகு ஒரு விநாடி மௌனம். எதிரொலி அந்த மௌனத்தில் விழுந்து அடங்கிவிடும்.

மைக் இல்லாமலே இந்த முறை வேலை செய்திருக்கிறது. 2011இல் நியூயார்க்கின் ஜுக்காட்டி பூங்காவில் வால் ஸ்ட்ரீட் போராட்டக்காரர்களுக்கு ஒலிபெருக்கி அனுமதி இல்லாதபோது, பேசுபவர் சில சொற்கள் சொல்லி நிறுத்துவார், சுற்றி நிற்பவர்கள் அதையே உரக்கத் திருப்பிச் சொல்லிப் பின்வரிசைக்குக் கடத்துவார்கள். ஒரே மூச்சில் திருப்பிச் சொல்ல முடிகிற அளவே அங்கே வாக்கியத்தின் நீளம். உங்கள் வரிகளுக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த வாக்கியத்தை மாற்றிப் பார்ப்போம். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு விநாடி.

குடிநீர்!
நம்ம வார்டுக்குக் குடிநீர்!
வாரத்துக்கு ஒரு நாள் வருது.
ஒரே ஒரு நாள்.
மூணு மாசமா, ஒரே ஒரு நாள்.

கட்டணம்!
கட்டணத்தை ஏத்திட்டாங்க.
ரெண்டு மடங்கு ஏத்திட்டாங்க.
தண்ணி, ஒரே ஒரு நாள்.
கட்டணம், ரெண்டு மடங்கு.

எதிர்க்கிறோம்!
இந்தக் கட்டணத்தை எதிர்க்கிறோம்!

ரூபாய்க் கணக்கை எடுத்துவிட்டேன். அறுபத்தைந்து, எழுபத்தைந்து இரண்டும் தூரத்தில் ஒன்றுபோலவே ஒலிக்கும். "ரெண்டு மடங்கு" குழப்பாது. தொகையைத் துண்டறிக்கையில் அச்சிடுங்கள்.

"ஒரே ஒரு நாள்" மூன்று இடத்தில் மாறாமல் வருவதையும் பாருங்கள். மேடைத் தமிழுக்கு அடுக்குமொழி மேல் ஆசை அதிகம். குடிநீரை முதலில் "தண்ணீர்" என்றும் பிறகு "உயிர்நீர்", "அமுதம்" என்றும் சொல்லத் தோன்றும். தெருவில் அது கெடுதல். முதல் முறை பஸ் ஹாரனில் ஒரு சொல்லை இழந்தவர், இரண்டாம் முறை அதே சொல் வந்தால்தான் ஓட்டையை அடைப்பார். வேறு சொல் வந்தால் புதிய செய்தி என்று நினைத்துக்கொள்வார். மேலே "தண்ணி" என்று நான் எழுதியதுகூட விதிவிலக்கு. "குடிநீர்" இரண்டு முறை காதில் விழுந்த பிறகு என்பதால் மட்டும் அனுமதித்தேன். சந்தேகமிருந்தால் அதையும் "குடிநீர்" என்றே ஆக்கிவிடுங்கள். முன்வரிசைக்கு அலுக்காமல் இருக்கக் குரலை மாற்றலாம், சொல்லை மாற்றக்கூடாது. "வாரத்துக்கு எத்தனை நாள்?" என்று கேட்டு, கூட்டத்தையே "ஒரே ஒரு நாள்" என்று சொல்லவைப்பதும் நல்ல வழி. அதுவும் திருப்பிச் சொல்வதுதான், பின்வரிசைக்கு இன்னும் பலமாகப் போகும்.

இதற்கு ஒரு விலை உண்டு. உங்கள் பழைய வாக்கியம் பதினைந்து விநாடியில் முடியும், இது முக்கால் நிமிடம் எடுக்கும். ஆகவே பத்து நிமிடப் பேச்சில் மூன்று செய்திக்கு மேல் இடமில்லை. உங்கள் பிரதியில் ஒன்பது இருக்கின்றன. தண்ணீர், கட்டணம், அடுத்த கூட்டத்தின் நாளும் நேரமும் ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துண்டறிக்கைக்கு அனுப்புங்கள். சாலை, தெருவிளக்கு பற்றிய பத்திகளை வெட்டுவது வலிக்கும், ஆனால் டீக்கடை ஓரத்துக்கு அவை போய்ச் சேரப்போவதே இல்லை. பஸ் ஸ்டாண்ட் கூட்டம் வந்து போகிற கூட்டம் என்பதால், இந்த மூன்றும் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை முழுதாக ஒரு சுற்று வரவேண்டும். முன்னுரை, விளக்கம், முடிவுரை என்று கட்டினால் ஐந்தாவது நிமிடத்தில் வந்து நிற்பவருக்குக் கூட்டம் எதற்கென்றே தெரியாது. நடுவில் ஒரு குடம் நீருக்காக விடியற்காலையில் எழுந்திருக்கும் ஒரு வீட்டின் கதையை அரை நிமிடம் சேருங்கள். வெறும் துண்டு வரிகளாகவே பத்து நிமிடம் போனால் காது மரத்துவிடும்.

தாளில் ஒரு வரிக்கு ஒரு சொற்றொடர் மட்டும், பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். மௌனம் வேண்டிய இடத்தில் வெற்று வரி விடுங்கள். பத்தியாக அச்சிட்டால் பேசுபவர் தன்னையறியாமல் வரிகளை ஒட்டிவிடுவார், இவ்வளவு வேலையும் வீண்.

கூட்டத்துக்கு முன்பு வீட்டிலேயே சோதிக்கலாம். ஒருவர் மூடிய கதவுக்குப் பின்னால் நின்று படிக்கட்டும். இந்தப் பக்கம் ஃபேனும் டிவியும் ஓடட்டும். பேச்சைப் பற்றி ஏதும் தெரியாத ஒருவர், கேட்டதை மட்டும் எழுதட்டும். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். அவர் தாளில் "ஒரே ஒரு நாள்", "ரெண்டு மடங்கு", கூட்ட நாள் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எது விடுபட்டதோ அந்த வரியை இன்னும் ஒரு சொல் குறைத்து, இன்னும் ஒருமுறை சேர்த்து எழுதுங்கள்.