எதை வாங்கினால் முதுகு வலி குறையும்?

கேள்வி: ரோஸ் ஹில்லில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, எபெனில் உள்ள நிறுவனம் ஒன்றின் கணக்கு வேலையை மடிக்கணினியில் நாள்தோறும் 8 மணி நேரம் செய்கிறேன். பிற்பகலில் வலது தோள்பட்டை எலும்பின் உட்புறம் வலிக்கிறது; அங்கே முடிச்சுப் போல் கையில் தட்டுப்படுகிறது. விடுமுறை நாள்களில் வலி இல்லை. மேசையின் உயரம் 75 செ.மீ.; அமர்ந்து கையை மடக்கினால் முழங்கை தரையிலிருந்து 67 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. முதுகை நிமிர்த்தும் பட்டை, மசாஜ் கன், புதிய நாற்காலி ஆகிய மூன்றில் எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். நீங்களே அளந்து எழுதியுள்ள 67, 75 என்ற இரண்டு எண்களிலேயே வலியின் காரணம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. முழங்கையைவிட மேசை 8 செ.மீ. உயர்ந்திருப்பதால், தட்டச்சு செய்யும் நேரமெல்லாம் தோள் மேலே தூக்கியபடி நிற்கிறது. மடிக்கணினியில் திரையும் விசைகளும் ஒன்றாக இருப்பதால் தலையும் முன்னே கவிகிறது. தோள்பட்டை எலும்பை முதுகெலும்போடு பிணைக்கும் தசைகள் அந்தச் சுமையை ஓய்வின்றித் தாங்கிக் களைத்துப்போகின்றன. மவுஸைப் பிடிக்கும் கை வலக்கை என்றால், வலி வலப்பக்கம் மட்டும் வருவதில் வியப்பில்லை.

உங்கள் பணம் முதலில் தனி விசைப்பலகைக்கும் தனி மவுஸுக்கும் போகட்டும். இருக்கையின் மேல் எளிதில் அமுங்காத மெத்தையை இட்டு 8 செ.மீ. உயருங்கள், அப்போது கால் தொங்கும் என்பதால், பாதம் முழுதாகப் பதியுமாறு கீழே ஒரு பலகையை வையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்வரை மடிக்கணினியின் அடியில் புத்தகங்களை அடுக்கலாம்; படிப்பதற்கான பகுதி கீழே அமைந்த கண்ணாடி அணிபவரானால் திரை சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையேல் கழுத்தை அண்ணாந்து பார்க்க நேரும். மவுஸ், முழங்கையை விலாவை விட்டு அகற்றாமலே எட்டும் தொலைவில் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் அசையாமல் அமர்ந்தால் வலி திரும்பும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, ஓரிரு நிமிடம் நடந்து, தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். முடிச்சுக்கு ஒரு டென்னிஸ் பந்து போதும்: சுவருக்கும் முதுகுக்கும் நடுவே, முதுகெலும்பின் மேல் படாமல், வலிக்கும் இடத்தில் அரை நிமிடம் அழுத்துங்கள். மசாஜ் கன்னும் இதே தற்காலிக ஆறுதலைத்தான் கூடுதல் விலைக்குத் தருகிறது. பட்டை நிமிர வேண்டும் என்று நினைவூட்டும். தசைக்கு வலு சேர்க்காது.

பின்னாளில் நாற்காலி வாங்கினால், அதன் கைப்பிடி உங்கள் மேசைக்கு அடியில் நுழையுமா என்று அளந்து பாருங்கள். நுழையாவிட்டால் தள்ளி அமர்ந்து கையை நீட்டியே வேலை செய்வீர்கள். விலையுயர்ந்த நாற்காலியிலும் பழைய வலி தொடரும்.

கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ, இரவில் வலி உறக்கத்தைக் கெடுத்தாலோ, கொழுப்புணவுக்குப் பின் வலி கூடினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். மார்பு இறுக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.