சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பதற்கு முன்

கேள்வி: சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நோட்டீஸ் பீரியட் 60 நாள். இன்டர்வியூவில் 45 நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் ஆஃபர் லெட்டரில் ஜூன் 16, திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரல் 30 அன்று ராஜினாமா மெயில் அனுப்பினேன். முன்கூட்டியே விட முடியாது என்கிறார் மேனேஜர். ‘இப்போதைக்கு எதுவும் கேட்காதீர்கள், கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார் கன்சல்டன்சிக்காரர். இரண்டு வாரம் தள்ளிக் கேட்டால் ஆஃபர் போய்விடுமா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லலாமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: அம்மாவை இதில் இழுக்காதீர்கள். சேரும் அன்றோ அதற்குச் சில நாள் கழித்தோ புதிய கம்பெனி உங்களிடம் ரிலீவிங் லெட்டர் கேட்கும். ஜூன் கடைசி வரை பழைய கம்பெனியில் வேலை பார்த்தீர்கள் என்று அதில் தேதியோடு இருக்கும். பின்னணிச் சரிபார்ப்புக்கு வருபவர்களும் அதே தேதியைத்தான் கேட்டு வாங்குவார்கள். நோட்டீஸ் பீரியட் என்பது எந்த எச்ஆரும் தினமும் கேட்கும் காரணம், அதைச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 45 நாள் என்று சொன்னது உங்கள் தவறுதான். அதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டால் போதும்.

கன்சல்டன்சிக்காரர் சொல்வதைக் கேட்கவே கேட்காதீர்கள். நீங்கள் சேர்ந்து, சில மாதம் நிலைத்த பிறகே பொதுவாக அவருக்குக் கமிஷன் உறுதியாகும். கெட்ட செய்தியைத் தள்ளிப்போடுவது அவருக்கு வசதி, உங்களுக்கு ஆபத்து. ஒரு மாதத்துக்கு முன்பே சொன்னால், உங்களுக்கு ஒதுக்கிய வேலையை அந்த டீம் லீடர் மாற்றித் திட்டமிட முடியும். ஜூன் 12-ல் சொன்னால் லேப்டாப், அக்சஸ், பிராஜெக்ட் எல்லாம் ஏற்பாடான பிறகு சொல்வதாகிவிடும். கையில் இன்னொரு ஆஃபர் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார் என்ற சந்தேகம் அப்போதுதான் வருகிறது. பல ஆஃபர்கள் ரத்தாவது இந்தச் சந்தேகத்தால்தான்.

அதற்காக இன்றைக்கே மெயில் தட்டிவிடவும் வேண்டாம். உங்கள் கடைசி வேலை நாள் எது என்று பழைய கம்பெனி எழுத்தில் சொல்லியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மே 1-ஐ முதல் நாளாக எண்ணினால் 60-ஆவது நாள் ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. அப்படியானால் ஜூன் 30 திங்கட்கிழமை புதிய இடத்தில் சேரலாம், நீங்கள் நினைக்கும் இரண்டு வாரம் சரியாக வரும். ஆனால் சில கம்பெனிகள் மெயில் அனுப்பிய நாளை எடுத்துக்கொள்வதில்லை. மேனேஜர் போர்ட்டலில் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து எண்ணுகின்றன. அவர் மே 5 அன்று ஒப்புதல் கொடுத்து, மறுநாளிலிருந்து எண்ணினால் 60-ஆவது நாள் ஜூலை 4. நீங்கள் ஜூன் 30 என்று கேட்டு வாங்கிய பிறகு இது தெரியவந்தால் மறுபடியும் தள்ளிக் கேட்க வேண்டியிருக்கும். முதல் முறை கேட்பதைப் பெரும்பாலும் ஏற்பார்கள். இரண்டாவது முறை கேட்டால் நம்பிக்கை போய்விடும்.

நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் லீவையும் கவனியுங்கள். லீவு எடுத்த நாட்களுக்கு ஈடாகக் கடைசி நாளைத் தள்ளிவைப்பது பல இடங்களில் வழக்கம். இப்போது மூன்று நாள் ஊருக்குப் போய்வந்தால் ஜூன் 29 என்பது ஜூலைக்குள் போய்விடலாம். ஆகவே எச்ஆரிடம், ‘என் கடைசி வேலை நாள் எது, லீவு எடுத்தால் அது மாறுமா?’ என்று மெயிலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

அந்தப் பதில் கைக்கு வந்த அன்றே புதிய கம்பெனியில் உங்களுக்கு ஆஃபர் அனுப்பிய எச்ஆருக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள். பேசி முடித்ததும் மெயில் அனுப்பி, உங்களை இன்டர்வியூ செய்த மேனேஜரையும் அதில் சேருங்கள். கன்சல்டன்சிக்காரருக்கு ஒரு நகல் போதும். மெயில் ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். ‘ஆஃபரை ஏற்றுக்கொண்டு ஏப்ரல் 30 அன்று ராஜினாமா செய்துவிட்டேன். முன்னதாக விடுவிக்கக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். என் கடைசி வேலை நாள் ஜூன் 29, அதற்கான கடிதத்தை இணைத்திருக்கிறேன். 45 நாள் என்று நான் முன்பு சொன்னது சரியாக இல்லை, வருந்துகிறேன். ஜூன் 16-க்குப் பதில் ஜூன் 30 அன்று சேர அனுமதி வேண்டும்.’ இதன் சாரம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். ‘இரண்டு வாரம் போல’ என்று எழுதாமல் தேதியைப் போடுங்கள். ராஜினாமா ஏற்பு மெயிலை இணைப்பது மிக முக்கியம். நீங்கள் உண்மையிலேயே வேலையை விட்டுவிட்டீர்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை.

‘சரி, பார்த்துக்கொள்ளலாம்’ என்று போனில் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். குறிப்பிட்ட தேதியில் சேராவிட்டால் ஆஃபர் தானாகவே செல்லாது என்ற வரி உங்கள் ஆஃபர் லெட்டரில் அநேகமாக இருக்கும். புதிய தேதி போட்ட திருத்திய லெட்டர் கேளுங்கள். குறைந்தபட்சம், ‘தேதி ஜூன் 30-க்கு மாற்றப்பட்டது, மற்ற நிபந்தனைகள் அப்படியே’ என்று எச்ஆரிடமிருந்து ஒரு மெயிலாவது வர வேண்டும். சேரும் போனஸ் இருந்தால் அதற்குத் தனித் தேதி போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இன்னொன்று, வாரத்தில் ஒரு நாள் மட்டுமே புதியவர்களைச் சேர்க்கும் கம்பெனிகள் உண்டு. உங்கள் கடைசி நாள் ஜூலை 4 என்றானால், அடுத்த சேர்க்கை நாள் எது என்று கேட்டு அந்தத் தேதியையே எழுதுங்கள்.

புதிய கம்பெனி ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த வழி, பழைய கம்பெனிக்கு மீதி நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டு வெளியேறுவது. பணி நியமனக் கடிதத்தில் அந்தப் பிரிவை வாசியுங்கள். பிடித்தம் அடிப்படைச் சம்பளத்திலா மொத்தச் சம்பளத்திலா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மாதம் மொத்தம் 60,000 ரூபாய், அதில் அடிப்படை 30,000 என்று வைத்துக்கொள்வோம். 14 நாளுக்கு அடிப்படையில் 14,000 ரூபாய், மொத்தத்தில் 28,000 ரூபாய். மீதமிருக்கும் ஈட்டிய விடுப்பைக் கழித்துக்கொள்ளச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் ‘நிர்வாகம் சம்மதித்தால்’ என்று அந்தப் பிரிவில் இருந்தால் பணம் கட்டுவது உங்கள் உரிமை ஆகாது, மேனேஜரின் மேலதிகாரியிடம்தான் கேட்க வேண்டும். தேதியை மாற்ற மறுக்கும் புதிய கம்பெனியிடம், ‘அந்தத் தொகையை நீங்கள் ஏற்பீர்களா?’ என்று கேட்பதில் தவறில்லை. சில கம்பெனிகள் தருகின்றன. ஆனால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும்.

செய்யவே கூடாதது ஒன்று: பழைய இடத்தில் லீவு போட்டுவிட்டு ஜூன் 16 அன்று புதிய இடத்தில் போய் உட்காருவது. இரண்டு கம்பெனிகளும் உங்கள் ஒரே யுஏஎன் எண்ணில்தான் பிஎஃப் கட்டும். பழைய இடத்தில் வெளியேறிய தேதி ஜூன் 29 என்றும் புதிய இடத்தில் சேர்ந்த தேதி ஜூன் 16 என்றும் பதிவாகும். அந்த இரண்டு வாரம் பிஎஃப் பணி வரலாற்றில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். அடுத்த முறை வேலை மாறும்போது சரிபார்ப்புக்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஜூன் 16-க்கு மேல் ஒரு நாளும் காத்திருக்க மாட்டோம் என்று அவர்களும், விடவே மாட்டோம் என்று இவர்களும் நின்றால், அந்த ஆஃபரைக் கைவிட்டு ரிலீவிங் லெட்டரோடு வெளியே வருவதுதான் சரி. அந்த நிலை வந்தால், கடைசி நாளுக்கு முன்பே ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்றும் பழைய எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள்.