ஒருவர் 3, இன்னொருவர் 13: பிளானிங் போக்கரில் என்ன செய்வது?

கேள்வி: ஒரு ஸ்டோரிக்கு, அதாவது செய்ய வேண்டிய ஒரு சிறு வசதிக்கு, எவ்வளவு உழைப்பு ஆகும் என்று டீமில் எல்லோரும் ஒரே நேரத்தில் எண் கார்டு காட்டி மதிப்பிடுவதுதான் பிளானிங் போக்கர். அதில் ஒரே ஸ்டோரிக்கு ஒருவர் 3 காட்டுகிறார், இன்னொருவர் 13. சராசரி எடுத்து 8 போட்டுவிடலாமா?

வேண்டாம். சராசரி எடுத்தால் அந்த வித்தியாசம் ஏன் வந்தது என்பது மறைந்துவிடும். பெரும்பாலும் இருவரும் வெவ்வேறு வேலையை மனதில் வைத்திருப்பார்கள்.

எங்கள் டீமில் 'பாஸ்வேர்டு மாற்றும் வசதி' ஸ்டோரிக்கு இப்படித்தான் ஆனது. குறைந்த எண்ணும் அதிக எண்ணும் காட்டிய இருவரை மட்டும் முதலில் பேசவிட்டோம். 3 போட்டவர் திரையை மட்டும் நினைத்திருந்தார். 13 போட்டவரோ மற்ற சாதனங்களில் லாகின் ஆகியிருப்பவர்களை வெளியேற்றுவதையும் சேர்த்திருந்தார். அதைத் தனி ஸ்டோரியாகப் பிரித்தோம். மறுபடி கார்டு காட்டியபோது எல்லாம் 3, 5. சரி, 5 என்று வைத்தோம்.

இரண்டாம் சுற்றிலும் இடைவெளி குறையவில்லையா? விவரம் போதவில்லை என்று அர்த்தம். ஸ்டோரியைத் தள்ளிவைத்து, என்ன தேவை என்று முடிவு செய்யும் ப்ராடக்ட் ஓனரிடம் கேளுங்கள். அப்புறம், சீனியர் காட்டிய எண்ணுக்கு எல்லோரும் சட்டென்று மாறினால் அதை உடன்பாடாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.