பூச்சு வேலையில் சிமெண்ட் வீண் என்று பிடித்தம்

"சதுர அடிக் கூலிக்குப் பூச்சு வேலை செய்கிறேன். 1000 சதுர அடிக்கு 13 மூட்டை சிமெண்ட் ஆனது. 4 மூட்டை வீண் என்று கூலியில் பிடிக்கிறார்கள். சரியா?"

முதலில் சுவரைப் பாருங்கள். 12 மி.மீ. கனம், 1:5 கலவை என்றால் 1000 சதுர அடிக்குச் சுமார் எட்டரை மூட்டை போதும். உங்கள் மேஸ்திரி போட்ட கணக்கு அதுதான். ஆனால் செங்கல் கட்டு தூக்குக்கு நிற்காமல் சாய்ந்திருந்தால், அதை நேராக்கவே கனம் 18 மி.மீ. ஆகிவிடும். அப்போது கிட்டத்தட்ட 13 மூட்டை வரும். அது கட்டினவர் பிழை, உங்கள் வீண் அல்ல.

இதைக் காட்ட வழி இருக்கிறது. பூசுவதற்கு முன் தூக்குக்குண்டு பிடித்துச் சுவரில் கலவைப் பொட்டு வைப்பீர்கள் அல்லவா? ஒவ்வொரு பொட்டின் கனத்தையும் அளந்து, மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டி, படம் எடுத்து வையுங்கள். பூசி முடித்திருந்தால் சுவிட்ச் பெட்டி ஓரத்தில் கனத்தை அளக்கலாம்.

உண்மையான வீண் வேறு: கீழே விழுந்து காய்ந்த கலவை, நேரம் கடந்து இறுகிய கலவை. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒப்படைத்த பொருள் தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வீணானால்தான் பிடிக்கலாம். அதற்கு முன் அவர் விளக்கத்தையும் கேட்க வேண்டும்.